பஸ்ஸில் படிக்கப் புத்தகமா, கருவியா?



போன வாரம் தஞ்சாவூர் புதிய பஸ் நிலையத்தில் ஒருவர் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். 1994-ல் பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். இப்போது திருச்சியிலிருந்து தினமும் தஞ்சாவூர் போய் வேலை பார்க்கிறார். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில்தான். "சார், படிக்கிற பழக்கத்த விட முடியல. புத்தகம் தூக்கித் தோள் வலிக்குது. அந்தப் படிக்கிற கருவி ஒண்ணு வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். பஸ் கிளம்பிவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பிலேயே மணி அடித்த பிறகும் விடாதவன்தானே நான்!

என் பஸ் பயணம் உங்களில் பலருக்குத் தெரியும். அக்கா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். மூன்று வருடமாக வாரத்தில் மூன்று நாள் காலையில் திருச்சியில் ஏறுவேன், இரவு திரும்புவேன். ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். முதல் ஒரு வருடம் புத்தகம்தான் கொண்டுபோனேன். ஒருநாள் எழுநூறு பக்கத்துக்கு மேல் இருந்த ஒரு நாவலை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 850 கிராம். அதோடு அக்காவுக்கு மாத்திரை, பழம், என் தண்ணீர் பாட்டில். அறுபத்தைந்தைத் தாண்டிய தோளுக்கு அது அதிகம். மருமகன் ஆறு அங்குலக் கருவி ஒன்று வாங்கித் தந்தார். அது உறையோடு சேர்த்தே 300 கிராம் சொச்சம்தான்.

முதலில் ஒரு விஷயம். அது செல்போன் மாதிரி ஒளியை நம் கண்ணில் அடிக்கும் திரை அல்ல. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஏதாவது ஒன்று மேலே வரும், அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் எழுத்து மாற மின்சாரம் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும். காகிதத்தைப் போலவே வெளிச்சம் பட்டுத் தெரிவதால், காலை பத்து மணிக்கு செங்கிப்பட்டி தாண்டும்போது ஜன்னல் வழியாக அடிக்கிற வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும். செல்போன் அந்த வெயிலில் கண்ணாடி ஆகிவிடும், நம் முகம்தான் தெரியும். இரவில் கண்டக்டர் விளக்கை அணைத்த பிறகு கருவியின் ஓரத்திலிருந்து வரும் மெல்லிய விளக்கில் படிக்கலாம். புத்தகக்காரன் தூங்க வேண்டியதுதான்.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது பஸ்ஸில் பெரிய உபகாரம். நம் எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம். பஸ் குலுங்கும்போது பொடி எழுத்தில் ன எது, ண எது என்று கண் தடுமாறும். வீட்டில் வைக்கும் அளவை விட இரண்டு படி கூட்டி வைத்தால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். ஆனால் தலைசுற்றல் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டலுக்குக் காரணம். காகிதமோ கருவியோ, அதற்கு ஒன்றுதான். நான் பின் சக்கரத்துக்கு மேல் உட்காருவதில்லை. தஞ்சாவூர் வரை நாலுவழிச் சாலையில் படிப்பேன். அய்யம்பேட்டை, பாபநாசம் பக்கம் பிரேக்கும் வளைவுமாகப் போகிற இடத்தில் மூடி வைத்துவிட்டு வயலைப் பார்ப்பேன்.

இனி, கருவி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம். கடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

தமிழில் இணையத்தில் கிடைக்கும் பழைய புத்தகங்களில் நிறைய, பக்கத்தைப் படம் பிடித்த பி.டி.எஃப். அது எழுத்து அல்ல, புகைப்படம். அதில் எழுத்தளவைக் கூட்ட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (தப்பிக்க முடியாது, உட்காருங்கள்.) நம் நாவல்கள் பல டெம்மி அளவு, அகலம் சுமார் 14 செ.மீ. ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ. பக்கத்தின் முழு அகலமும் திரையில் அடங்கினால் எல்லாமே 14-க்கு 9 என்று சுருங்கும். அச்சில் 11 பாயிண்ட்டாக இருந்த எழுத்து திரையில் 7 பாயிண்ட் ஆகிவிடும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை பஸ்ஸில் படிப்பது மாதிரிதான்.

அதற்கும் ஒரு வழி உண்டு. கருவியைப் படுக்கைவாட்டில் வைத்து, பக்கத்தின் வெள்ளை ஓரங்களை வெட்டிவிடும் அமைப்பைப் போட வேண்டும். எழுத்து இருக்கும் பகுதி மட்டும் பத்தரை செ.மீ. என்றால், 12 செ.மீ. அகலத்தில் அச்சை விடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று முறை தட்ட வேண்டும். வீட்டில் சரி. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தால் எரிச்சல்தான் வரும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிவது சுலபம். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் தனியாகத் தேர்வானால் அது எழுத்து. ஒன்றும் நடக்காவிட்டால் பெரும்பாலும் அது படம். வாங்கும் முன், நீங்கள் படிக்க விரும்பும் பத்துப் புத்தகத்தை எழுதி, அவை எழுத்துக் கோப்பாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். சங்க இலக்கியம், கல்கி என்றால் 1998-லிருந்து தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் கோப்போடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பி.டி.எஃப்-ம் தருகிறார்கள். உங்கள் பத்தில் ஏழு சிறுபத்திரிகை எழுத்தாளர்கள், பழைய பதிப்புகள் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

இன்னொன்று, உடைவது. என் முதல் கருவி எட்டு மாதம்தான் இருந்தது. ஒரு முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. பையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கருவியும் ஒட்டிக் கிடந்தன. கூட்டம் நெருக்கியது. கும்பகோணத்தில் இறங்கி எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு கீறல் இல்லை, தடவினால் வழவழவென்று இருக்கிறது. ஆனால் திரையின் கீழ்ப் பாதியில் பழைய பக்கம் அப்படியே உறைந்து, குறுக்கே கோடுகள். அந்த மின்மை அடுக்குக்குக் கீழே மெல்லிய கண்ணாடித் தகடு இருக்குமாம், உடைந்தது அது. சரிசெய்யக் கேட்ட தொகைக்கு இன்னொரு நூறு ரூபாய்த் தாள் கட்டு சேர்த்தால் புதிதே வாங்கலாம். ஆகவே முன்பக்கமும் மூடுகிற கெட்டி உறை கட்டாயம். டிபன் பாக்ஸ் வேறு பையில். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கவும் கூடாது, பேட்டரிக்குச் சூடு ஆகாது.

புத்தகம் இந்த அவஸ்தை எல்லாம் படாது. அதற்கு வேறு அவஸ்தை. ஒட்டி மட்டும் கட்டிய தடித்த புத்தகம் ஒரு கையில் விரியாது, அழுத்தி விரித்தால் முதுகு வெடித்து மூன்றாவது மாதம் தாள் கையோடு வரும். வாங்கும்போது மேல் விளிம்பைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் தையல் பைண்டிங், பஸ்ஸுக்கு அதுதான்.

இரண்டாவது கருவி வாங்கியதற்கு என் தோள் காரணமில்லை.

அக்காவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாட்டில் தெரியும், நேராகப் பார்க்கிற இடம்தான் மங்கல். வாரப் பத்திரிகை வருகிற நாளில் தபால்காரருக்காக வாசலில் நின்ற மனுஷி. நான்தான் போகிற நாட்களில் வாசித்துக் காட்டுவேன். எப்போதும் "போதும் தம்பி, உனக்குத் தொண்டை வலிக்கும்" என்பார். எனக்கு வலிக்கவில்லை. கேட்டு வாங்கிப் படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மழை நாள் பஸ் தாமதமாகி, நான் போய் மதியம் சோபாவில் தூங்கிவிட்டேன். விழித்தபோது அக்கா என் கருவியைக் கையில் வைத்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எழுத்து பெருசாகுமாமே, உன் மருமகன் சொன்னாரே" என்றார். கடைசி அளவு வரை கூட்டினேன், தடித்த எழுத்தாக்கினேன், விளக்கையும் ஏற்றினேன். ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் வந்தது. அக்கா ஓரப் பார்வையில் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தார். முதல் பக்கம் முடிக்கப் பத்து நிமிடம். பக்கம் என்றால் பதினைந்து சொல் இருக்கும். அன்று நான் கிளம்பும்வரை அதைத் திருப்பித் தரவில்லை.

அது உடைந்தபோது, மறுநாளே அடுத்ததை வாங்கியது அதனால்தான். இப்போது அது கும்பகோணத்திலேயே இருக்கிறது. பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகத்தில் இருக்கிறார். ஏற்கெனவே நாலு தடவை படித்த கதை என்பதால் விட்ட சொல்லை ஊகித்துக்கொள்கிறாராம். அவருடைய ஆதர்ச எழுத்தாளர் ஒருவரின் நாவல்கள் எனக்குப் படக் கோப்பாகத்தான் கிடைத்தன. அவற்றை ஒவ்வொரு வாரமும் ஓர் அத்தியாயமாக நானே கணினியில் தட்டச்சுச் செய்து அவருக்கு மட்டும் ஏற்றித் தருகிறேன். இந்த வாரம் ஏழாவது அத்தியாயம். பிழை இருந்தால் போன் வருகிறது.

நான் மறுபடியும் புத்தகத்தோடுதான் பஸ் ஏறுகிறேன். இருநூறு பக்கத்துக்குள், தையல் பைண்டிங். இரவு வரும்போது தூங்கிவிடுகிறேன்.

தஞ்சாவூர் மாணவரே, உங்கள் பத்துப் புத்தகப் பட்டியலைக் கீழே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.