1.3 வோல்ட் காட்டும் மின்கலம் ஃபிளாஷில் தோற்பது ஏன்?

திருமண மண்டபத்தில் புகைப்படக்காரர் ஒருவரின் ஃபிளாஷ் அடுத்த படத்திற்குத் தயாராக மறுக்கிறது. உள்ளிருந்த நான்கு ஏஏ அல்கலைன் மின்கலங்களையும் எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் 1.3 வோல்ட். புத்தம் புதியதே ஏறத்தாழ 1.55 வோல்ட்தான் காட்டும் என்பதால், முக்கால் பங்குக்கு மேல் மிச்சமிருக்கிறது என்றே எவரும் நினைப்பார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. அதன் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். 1.3 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம், ஒரு மைக்ரோஆம்பியரில் எட்டில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு சிறிய ஓட்டத்தைச் சாகும் தறுவாயிலுள்ள மின்கலமும் எளிதில் தரும். மின்னழுத்தம் என்ற தமிழ்ச் சொல் இங்கே மிகப் பொருத்தம்: அடைபட்ட குழாயிலும் நீர் பாயாத வரை அழுத்தம் முழுதாகவே தெரியும்.

அடைப்பு எங்கே? மின்கலம் பயன்படப் பயன்படத் துத்தநாகத் துகள்கள் துத்தநாக ஆக்சைடாகின்றன. அது எஞ்சிய துகள்களின் மேல் படிகிறது. நேர்முனைப் பொருளான மாங்கனீசு டைஆக்சைடும் மாறிப்போகிறது. அயனிகள் பயணிக்கும் வழி கடினமாகிறது. சிறிதளவு வேதிப்பொருள் எஞ்சியிருந்தாலும் மின்னழுத்தம் தோன்றிவிடும்; ஆனால் அதை வேகமாக வெளியே எடுக்க முடியாது. இந்தத் தடங்கலின் மொத்த அளவே அகத்தடை எனப்படுகிறது.

ஃபிளாஷ் வேண்டுவதோ வேகத்தை. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 300 வோல்ட்டுக்கு ஏற்ற 45 ஜூல் ஆற்றல் வேண்டும். புதிய மின்கலம் ஒன்றின் அகத்தடையை 0.2 ஓம் என்றும், பழையதினுடையதை 0.8 ஓம் என்றும் கொள்வோம். நான்கு புதியவை சேர்ந்து 6.2 வோல்ட், 0.8 ஓம், அவற்றிலிருந்து பெறக்கூடிய உச்ச ஆற்றல் வீதம் 12 வாட். பழையவை 5.2 வோல்ட், 3.2 ஓம், உச்சம் 2.1 வாட் மட்டுமே. முன்னதில் நான்கு நொடியில் முடியும் வேலைக்குப் பின்னதில் இருபது நொடிக்கு மேல் ஆகும். இதுவும் சுற்றில் இழப்பே இல்லையென்று வைத்த கணக்கு. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்தால் மின்மாற்றியை இயக்கும் அலையியற்றி நின்றே போகலாம். நான்கில் ஒன்று நலிந்திருந்தாலும் தொடரிணைப்பு முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் அயனிச் செறிவு சமமாகி மின்னழுத்தம் மீண்டும் ஏறும். புகைப்படக்காரரை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த மீட்சிதான்.

சோதிக்க வழி எளிது. இரண்டு வாட் தாங்கும் ஒரு ஓம் மின்தடையை மின்கலத்தின் குறுக்கே ஓரிரு நொடி மட்டும் தொட்டு, அந்த நேரத்தில் மீட்டரைப் படிக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் புதியது ஏறத்தாழ 1.3 வோல்ட் காட்டும், பழையது 0.7 அளவுக்குச் சரியும். சரிந்தவற்றைக் குப்பையில் எறிய அவசரம் வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்கு அவை இன்னும் சில மாதம் உழைக்கும்.