சுவருக்குள் இருந்த பிள்ளை

கி.பி. 1030 அளவில் அல்-பிரூனி இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதிய நூலில் ஒரு படம் இருக்கிறது. சுவருக்குள் சுவராக வளைந்து போகும் ஒரு கோட்டை அது. இராமனின் மனைவியைக் கவர்ந்து சென்ற இராவணன் இலங்கையில் அமைத்த கோட்டை என்று அதைப் பற்றிச் சொல்கிறார். உள்ளே போகும் வாசலைக் குறித்திருக்கிறார், அரக்கனை வரையவில்லை. ஆனாலும் பார்ப்பவர் கண் நேரே நடுவுக்குத்தான் போகிறது.

இதே அமைப்பை இதைவிடப் பழைய கிரேக்கக் கதையிலும் காணலாம். கிரேத்தா தீவின் அரசன் மினோஸ், கடல் தெய்வத்துக்குப் பலியிடுவதாகச் சொன்ன காளையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான். அதற்குத் தண்டனையாக அவன் மனைவிக்கு மாட்டுத் தலையோடு ஒரு பிள்ளை பிறந்தது. அதை மறைக்கத் தைதலஸ் என்ற சிற்பியைக் கொண்டு சுற்றுப்பாதை மாளிகை ஒன்றைக் கட்டினான். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் அதற்கு இரையாக அனுப்ப வேண்டும். கடைசியில் தீசியஸ் உள்ளே போய் அதைக் கொன்றான். வெளியே வர நூல் உருண்டை கொடுத்தவள் மினோசின் மகள். அந்தப் பிள்ளைக்கும் சகோதரி.

கிரேத்தாவின் பழைய நாணயங்களில் இந்தப் பாதை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டக் கொப்பியில் வரைந்து, பென்சில் முனையால் நடந்து பார்த்தேன். மொத்தம் ஏழு சுற்றுகள். வாசலால் நுழைந்ததும் மூன்றாம் சுற்றுக்குப் போகிறோம். பிறகு பாதை நம்மை இரண்டுக்கும் ஒன்றுக்குமாக வெளியே தள்ளுகிறது. அடுத்து நான்கு. அங்கிருந்து ஒரேயடியாக ஏழு. ஏழாம் சுற்றில் நடக்கும்போது நமக்கும் நடுவுக்கும் இடையே ஒரு சுவர்தான். ஆனால் நுழைய வழியில்லை. மறுபடி ஆறு, ஐந்து என்று விலகிய பிறகுதான் திடீரென்று நடுவில் வந்து நிற்கிறோம்.

இதில் கிளைப்பாதை ஒன்றுமில்லை. வழி தவறவே முடியாது, நூலும் தேவையில்லை. கதைக்கும் படத்துக்கும் இங்கே பொருத்தமில்லை. ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் படம்தான் காட்டுகிறது. தொலைந்து போவோம் என்பதல்ல அந்தப் பயம். எப்படித் திரும்பினாலும் அதனிடம்தான் போய்ச் சேருவோம் என்பது. அது மூச்சு விடுவது கேட்கும் தூரத்துக்குப் போய், காணாமலே திரும்புகிறோம். காணாததை மனம் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் நடுவில் மிருகம் இல்லாத சுற்றுப்பாதை வெறும் கோலமாகி விடுகிறது.

கண்டியில் இருக்கும் நமக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், 1679இல்தான் தப்பினார். மலைப்பாதைகளை மறித்த முட்கதவுகளையும் அவற்றின் காவலையும் பற்றி அவர் எழுதினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலைப் படித்தவர்களுக்கு, முட்களுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு கொடிய அரசன் தெரிந்திருப்பான். உள்ளே இருந்த சனங்களுக்கோ இது வயல் விதைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த ஊர். நடுவில் இருப்பது மிருகமா என்பது, சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கிரேத்தாக் கதையை என் உம்மம்மாவுக்குச் சொன்னேன். தீசியசின் வீரத்தை அவர் கேட்கவில்லை.

"அப்ப அந்தப் புள்ளைக்கு சின்ன வயசில யாரு மகள் சோறு குடுத்த?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு ஒரு புத்தகத்தில் பழைய கிண்ணம் ஒன்றின் ஓவியத்தைக் கண்டேன். மாட்டுத் தலைக் குழந்தையைத் தாய் மடியில் வைத்திருக்கிறாள். எந்தத் தாயும் பிள்ளையை வைத்திருப்பது போலத்தான். அதற்குப் பெயரும் உண்டு: அஸ்தேரியன். விண்மீன் என்ற பொருள் தரும் பெயர். பெயர் வைத்துத்தான் அடைத்திருக்கிறார்கள்.

படத்தை உம்மம்மாவுக்குக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பேச்சு வராதவர், அடிக்கடி வலிப்பு வரும். அக்காமாருக்குக் கலியாணம் பேசி ஆட்கள் வரும் நாட்களில் அவரைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துவார்களாம். அவர் எழுப்பும் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த வீட்டில் பேய் இருக்கிறதென்று ஓடுவார்களாம். சோற்றுக் கோப்பையோடு உள்ளே போனது உம்மம்மாதான்.

"அவன் ஒண்டும் செய்ய மாட்டான். என்ன கண்டா சிரிப்பான்" என்றார்.

பத்தொன்பது வயதில் மௌத்தானாராம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்ததையும், அவருடைய பெயரையும், நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.