இலக்கம் மாறிய அறிவித்தல்

“தொலைபேசி தொலைந்துவிட்டது, இது புதிய இலக்கம், பழையதை அழித்துவிடுங்கள்.” இவ்வாறானதோர் அறிவித்தலைச் சுற்றத்தாருக்கு அனுப்பவேண்டிய தேவை அண்மையில் எமக்கு நேர்ந்தது. எழுத முற்பட்டபோதே ஓர் இடர்ப்பாடு புலனாயிற்று. பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரிடம் பணம் பறிப்போரும் இதே வாசகத்தையே கையாளுகின்றனர்.

அவர்களுடைய செய்தி பெரும்பாலும் பெயரேதுமின்றி “அம்மா” என்று தொடங்கும். தாய் பதறி, “நீ தம்பிதானே?” என்று கேட்டால், பெயரை அவளே கொடுத்துவிட்டாள். பேச அழைத்தாலோ ஒலிவாங்கி பழுது என்பார்கள். பின்னர் அவசரச் செலவென்று பணம் கேட்பார்கள். வங்கிக் கணக்கு முன்பின் அறியாத ஒருவரின் பெயரில் இருக்கும். பழைய இலக்கத்தை அழிக்கச் சொல்வதே இச்சூழ்ச்சியின் உயிர்நிலை; அவ்விலக்கத்துக்கு ஒருமுறை அழைத்தால் மகனே பேசிவிடுவானல்லவா?

கையடக்கத் தொலைபேசி களவுபோனால் இலக்கத்தை மாற்றியே தீரவேண்டுமென்பதில்லை. சிம் யார் பெயரிற் பதிவாகியுள்ளதோ அவர் அடையாள அட்டையுடன் சென்றால், அதே இலக்கத்துக்கு வேறு சிம் பெறலாம். எம்முடையதோ வெளிநாடு சென்ற தமையனாரின் பெயரில் இருந்தது. அவரைக் கொண்டே அதனைத் தடுப்பித்து, வங்கியிலும் இலக்கத்தை மாற்றுவித்தோம். வங்கியின் இரகசியக் குறியீடுகள் பழைய இலக்கத்துக்குச் செல்லுமாதலால், இவ்விரண்டையும் அறிவித்தலுக்கு முன்னரே செய்தல் வேண்டும்.

பலரும் அறியாத செய்தியொன்றுண்டு. சிம் தடைப்பட்ட பின்பும், கருவியின் பூட்டைத் திறக்க வல்லவன் வைஃபை வாயிலாக எமது பழைய வட்ஸ்அப்பை நடத்தலாம். ஆகவே பழைய இலக்கத்திலிருந்து எம் படத்துடன் செய்தி வந்தாலும் அது எம்முடையதென நம்புதற்கில்லை.

இக்காரணத்தால் எழுத்தை விட்டுப் பேச்சை நாடினோம். முதலிற் சின்னம்மாவை அழைத்தோம். குரல் கேட்டும் அவர் இணங்கினாரல்லர். “எங்கட கிணற்றடியில புயலுக்கு விழுந்த மரம் என்ன மரம், சொல்லுங்கோ பாப்பம்?” என்றார். “முருங்கை” என்றோம். “அப்ப சரி, இலக்கத்தைச் சொல்லுங்கோ” என்றார். பிறந்த தினத்தைக் கேட்டிருந்தால் அது முகநூலிலேயே கிடக்கின்றது; முருங்கையை வீட்டாரன்றி யாரறிவார்? குரலையும் கணினியாற் போலிசெய்யும் இக்காலத்தில் சின்னம்மாவின் கேள்வி மெச்சத்தக்கதே.

பின்னர் ஏனையோருக்கு நாம் அனுப்பிய அறிவித்தல் இது:

“எமது இலக்கம் மாறியுள்ளது. இச்செய்தியை மட்டும் நம்பிப் பதியவேண்டாம். சின்னம்மாவிடம் கேட்டறிந்து பதியுங்கள். பழைய இலக்கத்தை அழிக்காது, ‘களவுபோனது’ என்று பெயரிட்டு வையுங்கள். பணமோ, உங்கள் தொலைபேசிக்கு வரும் ஆறிலக்கக் குறியீடோ எந்த இலக்கத்திலிருந்தும் நாம் கேட்கமாட்டோம்.”