வயிற்றில் தண்ணி கோத்தவனுக்கு ராத்திரி பத்து மணிச் சாப்பாடு

எங்கள் பக்கம் சாவு வீட்டில் "வயிறு வீங்கிப் போயிட்டான்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். எல்லாம் நாற்பது, நாற்பத்தைந்து வயசு ஆட்கள். பட்டாசு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, என்னைப் போல மானாவாரி சம்சாரிகளும் உண்டு.

வயிறு வீங்கியாச்சுன்னா ஆள் அவ்வளவுதான், இனிமேல் குடிச்சா என்ன குடிக்காட்டி என்ன என்றுதான் ஊரில் பேசுவார்கள். அது சரியில்லை என்பதை என் மச்சினன் விஷயத்தில் ஒன்றரை வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கீழே எழுதியிருப்பதில் பாதி டாக்டர் சொன்னது, மீதி அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தது.

மச்சினன் என் வீட்டுக்காரியின் தம்பி. வயசு 44. சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபது வருஷ வேலை. ஆரம்பத்தில் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் மட்டும் குடிப்பான். அப்புறம் தினமும் பொழுது சாய்ந்தால் ஒரு குவார்ட்டர். கேட்டால், "மருந்து வாடை தொண்டையிலயே நிக்குது மச்சான், இது இல்லாட்டி சோறு இறங்க மாட்டேங்குது" என்பான். குவார்ட்டர் இறங்கியது, சோறு இறங்கவில்லை. ரெண்டு வாய் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். தினமும் இந்த அளவு உள்ளே போனால் ஏறக்குறைய எல்லாருக்குமே ஈரலில் கொழுப்பு படிந்துவிடுமாம். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வேலைக்குப் போகலாம், வரலாம். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே அந்தக் கொழுப்பு கரைந்துவிடும். ஆனால் ஒன்றுமே தெரியாத நேரத்தில் யார் நிறுத்தப்போகிறார்கள்? தொடர்ந்து குடிக்கிறவர்களில் ஒரு பகுதிப் பேருக்கு ஈரல் அழற்சி கண்டு, புண் ஆறி, ஆறின இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு கூடிக்கூடி ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிடுகிறது.

மச்சினனுக்கு முதலில் கால் வீங்கியது. நின்னு வேலை பார்க்கிறதால என்றார்கள். அப்புறம் கண் மஞ்சளானது, வயிறு பானை மாதிரி ஆனது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வயிற்றில் ஊசி போட்டு ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஓடைக் கணக்காகப் புரிந்தது. குடலில் இருந்து வரும் ரத்தமெல்லாம் ஈரல் வழியாகத்தான் போகணும். ஓடையில் மண் மேவி அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணி எதிர்த்து ஏறி, பக்கத்துப் புஞ்சையில் பரவும், சின்ன வாய்க்கால் எல்லாம் உடைப்பெடுக்கும் இல்லையா? அதே கதைதான். தழும்பு அடைத்துக்கொள்ள, ரத்தத்தில் இருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிகிறது. உணவுக்குழாயில் இருக்கிற மெல்லிசு நரம்புகள் புடைத்துக்கொள்கின்றன. அதில் ஒன்று உடைந்தால் ரத்த வாந்தி, இல்லாவிட்டால் தார் மாதிரிக் கறுப்பாக வெளிக்கிருக்கும். அது வந்தால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது, உடனே 108-க்கு போன் போட வேண்டும்.

டாக்டர் சொன்ன முதல் மருந்து குடியை நிறுத்துவது. "இந்த நிலைமைக்கு அப்புறம் நிறுத்தி என்ன சார்?" என்று மச்சினனே கேட்டான். இதை மகள் எனக்கு விவரமாகச் சொன்னாள். 1968-லேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பாவெல், கிளாட்ஸ்கின் என்று ரெண்டு மருத்துவர்கள் ஈரல் சுருங்கின குடிகாரர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நிறுத்தினவர்களில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு 63 பேர் உயிரோடு இருந்தார்கள். குடித்துக்கொண்டே இருந்தவர்களில் 40 பேர் சொச்சம்தான். இன்றைக்கு இருக்கிற மருந்து மாத்திரை பலதும் வராத காலம் அது. தழும்பு முழுசாக மறையாது. ஆனால் மேற்கொண்டு புண்ணாவது நிற்கிறது, ரத்த அழுத்தம் குறைகிறது, மிச்சமிருக்கிற நல்ல ஈரல் வேலை செய்யத் தொடங்குகிறது. சிலருக்கு வயிற்றுத் தண்ணீர்கூட வற்றிப்போகிறது.

நிறுத்துவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, நகரத்தில் இருக்கிறவர்களுக்கும் இது தெரியணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினான். மறுநாள் கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது. ரெண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. சாமி குத்தம் என்றார்கள். பயந்துபோய் அவனே மறுபடி குடித்துவிட்டான். தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் பிதற்றலும் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம், உயிரே போகலாம். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

கூடவே வைட்டமின் பி1 ஊசி. நம்ம ஊரில் ஆள் சோர்ந்து கிடந்தால் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். குடிகாரர் உடம்பில் பி1 ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளையைத் தாக்கும். நடை தள்ளாடும், கண் நிலைக்காது, ஆள் குழம்பிப்போவான். அதனால் குளுக்கோஸ் ஏற்றுகிற இடத்தில் இவர் குடிக்கிறவர் என்று வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை ஆரம்பித்தது. மஞ்சக்காமாலை என்றால் பத்தியம் என்பது என் அத்தைக்குத் தெரிந்த வைத்தியம். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் கூடாது, முட்டை ஆகாது, கறி ஆகவே ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சி குடித்தால் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் அடுத்த வேளை. ஒரே மாதத்தில் கை குச்சியாகிப்போச்சு. ஆனால் எடை மிஷின் 56 கிலோ காட்டியது. மறுபடி சேர்ந்த தண்ணீரைக் கழித்தால் 50-தான் தேறும் என்று அடுத்த தடவை பார்த்த டாக்டர் சொன்னார். இந்த நோயில் எடை ஏமாற்றும். புஜத்தையும் கன்னப்பொட்டையும் பார்த்தால்தான் உடம்பு கரைவது தெரியும்.

ஏன் கரைகிறது என்று மகள் அத்தைக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "அப்பத்தா, ஈரல்ங்கிறது நம்ம வீட்டுக் குலுக்கை மாதிரி. பகல்ல தின்னதுல கொஞ்சம் சேத்து வச்சு, ராத்திரி உடம்புக்கு எடுத்துக் குடுக்கும். மாமாவோட குலுக்கை சுருங்கிருச்சு. ராத்திரியே தானியம் தீந்துபோகும். அப்ப உடம்பு தன் சதையைத் தானே தின்னும்." இப்படிப்பட்டவர் ஒரு ராத்திரி வெறும் வயிற்றோடு இருப்பது, நல்ல உடம்புக்காரன் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். அதுவும் போக, ஈரல் கழிக்க முடியாத அம்மோனியா நஞ்சை ஓரளவு கழித்துக் கொடுப்பது சதைதான். சதை போனால் அந்த நஞ்சு தலைக்கு ஏறி, பகலில் தூங்குவதும் ராத்திரி முழித்துக்கொண்டிருப்பதும், பேச்சு தடுமாறுவதும் வரும். பருப்பு, முட்டை கொடுத்தால்தான் அது வரும் என்று முன்பெல்லாம் நிறுத்தச் சொல்வார்களாம். இப்போது நிறுத்தக் கூடாது என்கிறார்கள்.

டாக்டர் கொடுத்த கணக்கு, தண்ணீர் கழித்த எடையில் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரை புரதம். 50 கிலோவுக்கு 60-லிருந்து 75 கிராம். பணக்காரச் சாப்பாடு என்று பயந்தோம். வீட்டில் இருக்கிறதை வைத்தே மகள் கூட்டிக் காட்டினாள். நாள் முழுக்க அரிசி கால் கிலோ, அதில் 17 கிராம். துவரம்பருப்பு 50 கிராம் போட்டால் 11. முட்டை ரெண்டு, 12. பால் 400 மில்லி, 13. தட்டாம்பயறு 50 கிராம் சுண்டலாக, 12. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 7. மொத்தம் 72. முட்டையும் பாலும்தான் கடையில் வாங்கணும், தட்டாம்பயறும் கடலையும் எங்கள் புஞ்சையிலிருந்தே போய்விடுகிறது. இதை மூணு வேளையாக அடைத்தால் தின்ன முடியாது, வயிற்றுத் தண்ணீர் இரைப்பையை அமுக்கும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு தடவை.

ஆறாவதுதான் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு, தூங்கப் போகும் முன்னால், ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், மூணு பிஸ்கட். அதில் 50 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. காலையில் எழுந்ததும் தாமதிக்காமல் ஏதாவது வயிற்றுக்குப் போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளணும்.

உப்பு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் வீட்டை விட்டுப் போயின. கருவாடு இல்லாதது அவனுக்குக் குடி இல்லாததை விடப் பெரிய துக்கம். ஆனால் சுத்தமாக உப்பில்லாமல் போட்டால் சோறே உள்ளே போகாது, அது இன்னும் கெடுதல். உடம்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையும் கூடாது, சிறுநீரகம் நின்றுபோகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இனிப்பு டானிக் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தலைக்கு நஞ்சு ஏறாமல் இருக்க. ரெண்டு மூணு தடவை இளக்கமாகப் போக வேண்டும், அதற்குத்தான் அது. "வயித்தால போகுதுண்ணே" என்று அவன் வீட்டுக்காரி நிறுத்திவிட்டது. மூணாம் நாளே பேச்சு குழறிப்போய், திரும்பக் கொடுத்ததும் தெளிந்தான்.

இப்போது 15 மாதம் ஆகிறது. கடைசியாகத் தண்ணீர் எடுத்து ஒன்பது மாதம். நீர் மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமலே எடை 55. கண் வெளுத்துவிட்டது. நோய் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சுருங்கின ஈரலில் புற்றுக்கட்டி வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்கணும். ஆலைக்குப் போகவில்லை, எட்டு ஆடு வைத்திருக்கிறான். தீபாவளி போனஸ் வாங்கிய கூட்டாளிகள் போன வருஷம் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அத்தை விளக்குமாற்றோடு நின்றது. இந்த வருஷமும் வருவார்கள். அடுத்த ஸ்கேன் அதற்குப் பத்து நாள் முன்னால் வருகிறது, நான்தான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.