மூன்று புள்ளிகளின் பூர்வீகம்

"சார், பிளேட்டில் ஒரு ஸ்பாட்தான் வர வேண்டும், மூன்று வருகிறது. காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறேன்" என்று தொடங்கியது அந்த மெயில். எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட் மாணவி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் அனுப்பியிருந்தாள். "சார், ரியாக்‌ஷன் சரியா வரல" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்பவர்கள் நடுவில் இவள் பென்சிலால் வட்டமிட்ட பிளேட்டின் படத்தையும் இணைத்திருந்தாள்.

நைட்ரோபென்சீனை மெத்தனாலில் துத்தநாகத் தூளும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துக் கொதிக்கவிட்டு அசோபென்சீன் செய்திருக்கிறாள். கலவையிலிருந்து பொருளை ஹெக்சேனால் பிரித்தெடுத்து, அந்த ஹெக்சேனை ஆவியாக்கி, மிஞ்சியதைத் துளி டொலுயீனில் கரைத்துப் பிளேட்டில் வைத்திருக்கிறாள். ஓட்டியது ஒன்பது பங்கு ஹெக்சேனுக்கு ஒரு பங்கு எத்தில் அசிட்டேட். மேலே, ஆர்.எஃப். 0.7 அளவில் நல்ல ஆரஞ்சுப் புள்ளி, அதுதான் அசோபென்சீன். கீழே 0.25-இல் மங்கலான மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று, வெறும் கண்ணுக்குத் தெரியாதது. 254 நானோமீட்டர் விளக்கைக் காட்டினால் மட்டும் பச்சைப் பின்னணியில் கருமையாக நிற்கிறது.

மெயிலில் அவள் சொன்ன காரணங்கள் இவை. நடுப் புள்ளி அசாக்சிபென்சீன். ஒடுக்கம் பாதியில் நின்றால் அதுதான் மிஞ்சும். கீழ்ப் புள்ளி, சிலிகாவின் அமிலத்தன்மையில் அசோபென்சீன் சிதைந்து வருவது. கூடவே ஒரு வரி: "கச்சாப் பொருளில் மூன்று ஸ்பாட். எத்தனாலில் படிகமாக்கிய பிறகு நடு ஸ்பாட் போய்விட்டது, கீழ் ஸ்பாட் போகவில்லை. ஆனால் உருகுநிலை 68 டிகிரி, கூர்மையாக வருகிறது."

சிலிகா சிதைக்கிறது என்ற வரியில்தான் எனக்கு எரிச்சல். நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் விளங்காத புள்ளி எது வந்தாலும் சீனியர்கள் இதையேதான் சொல்வார்கள். "சிலிகா சாப்பிட்டிருக்கும்டா" என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. சிலிகா சாப்பிடும் சேர்மங்கள் உண்டு. அசிட்டால்கள், சில சிலில் ஈதர்கள், சில எப்பாக்சைடுகள் எல்லாம் அதில் வைத்தால் தாக்குப்பிடிக்காது. அசோபென்சீன் அந்த ரகமில்லை. கூர்மையாக உருகும் படிகம் பிளேட்டில் மட்டும் இரண்டாகப் பிரிவானேன்?

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரப் பிளேட்டின் ஒரு மூலையில் புள்ளி வைத்து, ஒரு திசையில் ஓட்டி, காயவைத்து, தொண்ணூறு டிகிரி திருப்பி அதே கரைப்பானில் மறுபடி ஓட்ட வேண்டும். பொருள்கள் தங்கள் பாட்டுக்கு இருந்தால் எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டக் கோட்டின் மேல்தான் விழும், ஏனென்றால் இரண்டு திசையிலும் அவை சம தூரம் போகின்றன. பிளேட்டின் மேலேயே ஒன்று இன்னொன்றாக மாறினால், மாறியது கோட்டை விட்டு விலகி நிற்கும். செய்து பார்க்கச் சொன்னேன். மறுநாள் படம் வந்தது. கோட்டுக்கு வெளியே தெளிவாக ஒரு புள்ளி. "சிலிகாதான் சார்" என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் பிளேட் எங்கே இருந்தது? ஜன்னல் திண்டில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாளாம். மதிய நேரம், தெற்கு ஜன்னல்.

அடுத்த முறை எல்லாவற்றையும் இருட்டில் செய்தோம். படிகத்தை அப்போதே டொலுயீனில் கரைத்து, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, லேப் விளக்குகளை அணைத்து, ஓட்டும் ஜாடியை அலமாரிக்குள் வைத்தோம். ஒரே புள்ளி. திருப்பி ஓட்டினோம், அதுவும் கோட்டின் மேல் ஒரே புள்ளி. சிலிகா அதேதான், அதன் அமிலத்தன்மையும் அதேதான், நேரமும் அதேதான். எடுத்துவிட்டது வெளிச்சத்தை மட்டும். பிறகு ஜன்னலோரம் கிடந்த பழைய கரைசலை வைத்து ஓட்டி, நடுவில் பிளேட்டை வேண்டுமென்றே வெயிலில் விட்டுத் திருப்பி ஓட்டினோம். நான்கு புள்ளிகள், ஒரு சதுரத்தின் நான்கு முனைகளாக வந்து நின்றன. மேலிருந்தது கீழானதாகவும், கீழிருந்தது மேலானதாகவும் மாறியிருந்தது. சிதைவில் இப்படி நடக்காது. சிதைந்தது திரும்பி வராது. இது போகவும் வரவும் தெரிந்த மாற்றம்.

அசோபென்சீனின் இரண்டு நைட்ரஜன்களுக்கும் நடுவில் இரட்டைப் பிணைப்பு. அதன் இருபுறமும் உள்ள பென்சீன் வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ். ஒளி பட்டு ஒரே பக்கம் மடங்கினால் சிஸ். டிரான்ஸ் சமச்சீரானது, இருமுனைத் திருப்புத்திறன் இல்லை. மடங்கிய சிஸ்ஸுக்கு ஏறத்தாழ 3 டிபை உண்டு. சிலிகாவின் மேற்பரப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது கீழேயே தங்கிவிடுகிறது. படிகத்துக்குள் மூலக்கூறுகளுக்கு மடங்க இடமில்லை, அதனால்தான் உருகுநிலை கூர்மையாக இருந்தது. கரைத்த பிறகுதான் வினையே. சிஸ்ஸை இருட்டில் விட்டால் அறை வெப்பத்தில் நாள்கணக்கில் மெல்ல டிரான்ஸாகும், சூடாக்கினால் சீக்கிரமே திரும்பும். பழைய கரைசலை இருட்டில் 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் கீழ்ப் புள்ளி இல்லை.

எனக்கு இதில் கிடைத்த சந்தோஷம் வேறு. அசோபென்சீனை மிட்செர்லிக் 1834-இலேயே விவரித்துவிட்டார். சிஸ் வடிவம் வெளிவந்தது 1937-இல். நூற்று மூன்று வருடம் உலகம் முழுக்க வேதியியலாளர்கள் அதைச் செய்திருக்கிறார்கள், ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பங்கு எப்போதும் சிஸ்ஸாகத்தான் இருந்திருக்கும். யார் கண்ணிலும் படவில்லை. அசிட்டோனில் அதன் கரைதிறனை அளந்த ஹார்ட்லிக்கு, வெளிச்சம் பட்ட கரைசல்களில் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அளவீட்டுப் பிழை என்று விட்டுவிடாமல் அதைத் துரத்திப் போய்தான் சிஸ்ஸைப் பிடித்தார். அவரிடம் பிளேட் கிடையாது. எங்களிடம் இருந்தது, புள்ளியாகவே காட்டியது, நாங்கள் சிலிகாவின் தலையில் பழியைப் போட்டோம்.

இனி நடுப் புள்ளி. எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். அவளுடைய அசாக்சிபென்சீன் ஊகம் நியாயமானது. சரிபார்க்க, கொஞ்சம் அசோபென்சீனை அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றி அசாக்சிபென்சீனைச் செய்தோம். ஒரே பிளேட்டில் மூன்று தடம்: இடப்புறம் கச்சா, வலப்புறம் அசாக்சி, நடுத் தடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும். உயரம் பொருந்தியது, நடுத் தடத்தில் பிரிவும் இல்லை. வழக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் அசாக்சியின் தடத்தை நிறைய ஏற்றினால் மஞ்சள் தெரிந்தது, கச்சாவில் எவ்வளவு ஏற்றினாலும் அந்த இடத்தில் நிறமே வரவில்லை. கரைப்பானை மாற்றி வெறும் டொலுயீனில் ஓட்டினோம். அசாக்சி மேலே ஏறிவிட்டது, நம் புள்ளி கீழே தங்கிவிட்டது. ஒரு கரைப்பானில் உயரம் பொருந்தினால் அது இதுவாக இருக்கலாம் என்று மட்டும்தான் அர்த்தம்.

அப்புறம்தான் அவளுக்கே தோன்றியது, வினையே செய்யாமல் வெறும் ஹெக்சேனைச் சுண்டவைத்துப் பார்ப்போம் என்று. பிரித்தெடுக்க எடுத்த அதே அளவு, முந்நூறு மில்லி. குடுவையின் அடியில் எண்ணெய்ப் படலம் போல ஏதோ மிஞ்சியது. அதைத் துளி டொலுயீனில் எடுத்து வைத்தால், நடுப் புள்ளி! மற்ற இரண்டும் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுத்தபோது 391-இலும் 413-இலும் உச்சிகள். லேப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஜோடி பழகியது: டைஆக்டைல் தாலேட், ஒரு புரோட்டான் சேர்ந்தும் ஒரு சோடியம் சேர்ந்தும். பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கக் கலக்கும் பொருள்.

ஹெக்சேன் டிரம்மில் வருகிறது, பாட்டிலில் நிரப்பித் தருவது ஸ்டோர்காரர். பார்க்கப் போனோம். "டிரம்ல இருந்து நேரா ஊத்துறேன் சார், நடுவுல ஒண்ணுமே கிடையாது" என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். மாணவியும் விடவில்லை: "அண்ணா, டிரம்மைச் சாய்க்க ஒரு ஆளால முடியுமா?" "அதெல்லாம் பழக்கம்மா." டிரம்மின் வாயிலிருந்தே ஒரு கண்ணாடிக் குழாயால் ஹெக்சேன் எடுத்துச் சுண்டவைத்தோம். குடுவை காய்ந்து கிடந்தது, பிளேட்டில் எதுவும் இல்லை. டிரம்முக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. மறுபடி போய் நின்றபோது, "ஓ, அந்த டியூப்பைச் சொல்றீங்களா? அது ஒண்ணுமில்ல சார், சும்மா உறிஞ்சி இறக்குறது" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தார். ஒளி ஊடுருவும் பி.வி.சி. டியூப். கையில் பிடிக்கும் முனை ரப்பர் போல வளைந்தது. டிரம்முக்குள் முங்கும் முனை ஒரு சாண் நீளத்துக்கு விறைத்து, மடக்கினால் உடையும்போல இருந்தது. அதை மென்மையாக வைத்திருந்த தாலேட்டை ஹெக்சேன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே எடுத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சிறு பங்கு. அப்படியே பயன்படுத்தினால் தெரியாது. முந்நூறு மில்லியைத் துளியாக்கினால் தெரியும். படிகமாக்கியபோது நடுப் புள்ளி போனதற்கும் இதுவே காரணம். எண்ணெய் எத்தனாலோடு தாய்க்கரைசலில் தங்கிவிட்டது.

மாணவி மறுபடி ஒரு மெயில் எழுதினாள். முதல் மெயிலைவிடச் சின்னது. கீழ்ப் புள்ளி சிஸ்-அசோபென்சீன், கரைசலில் ஒளி பட்டதால் வந்தது. ஆதாரம், இருட்டில் ஓட்டிய பிளேட்டும் வெயிலில் விட்டு ஓட்டிய பிளேட்டும். நடுப் புள்ளி தாலேட், ஹெக்சேனோடு வந்தது. ஆதாரம், வெற்றுச் சோதனையும் மாஸ் ஸ்பெக்ட்ரமும். அசாக்சிபென்சீன் இல்லை, ஆதாரம், டொலுயீன் பிளேட். இனி எடைகளைக் கச்சாவில் பார்க்காமல் படிகத்தில் பார்ப்பதாகவும், கரைசல் குப்பிகளைத் தாளில் சுற்றி வைப்பதாகவும் எழுதியிருந்தாள். டியூப்பை மாற்றித் தருமாறு ஸ்டோருக்கும் ஒரு பிரதி போட்டிருந்தாள்.

அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஸ்டோர்காரர் என் அறைக்கு வந்தார். "சார், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பழைய டியூப் ரிப்பேர்னு சொன்னா ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க. இப்படி ஸ்பாட் கீட்னு எழுதி இருந்தாத்தான் புதுசு சாங்ஷன் ஆவும்."