கேள்வியை முதலில் படி

சேலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். ஆங்கிலம்தான் என் பாடம். பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பத்தியை மேலிருந்து படிக்க உட்காராதே, கேள்வியை முதலில் படி, அப்புறம் விடை எங்கே இருக்கிறது என்று தேடு. 2020 நவம்பரில் என் போனிலேயே ஒரு ஆங்கிலப் பத்தி வந்து நின்றது. அதில் நான் கேள்வியையும் படிக்கவில்லை, பத்தியையும் படிக்கவில்லை. அதற்கான தண்டனை என்னோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அப்போது ஊரடங்கு முடிந்தும் முடியாத நேரம். மார்ச்சில் நின்ற டியூஷன் மறுபடி கூடவில்லை. போனிலேயே பாடம் கேட்ட சில பிள்ளைகளின் வீட்டில் பாதிப் பணம் தருவதே பெரிய பாடாக இருந்தது. என் கணவர் வேலை பார்த்த குரோம்பேட்டைக் கடையில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு மருந்து தீர்ந்திருந்த ஒரு நாள், ஐந்து நிமிஷத்தில் கடன் என்று வந்த விளம்பரத்தை அழுத்தி ஒரு ஆப்பை இறக்கினேன். அது மூன்று அனுமதி கேட்டது: காண்டாக்ட், எஸ்எம்எஸ், இருப்பிடம். காண்டாக்டுக்கு ஒருமுறை மறுத்துப் பார்த்தேன். திரை நகரவில்லை. சரி என்றதும் நகர்ந்தது. கீழே பொடி எழுத்தில் பிரைவசி பாலிசியை ஏற்கிறேன் என்று ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஒரு கட்டமும் இருந்தன. கட்டத்தில் டிக் போட்டேன்.

6,000 ரூபாய் கடன் என்றார்கள். பிராசஸிங் கட்டணம், வரி என்று பிடித்தது போக என் கணக்கில் ஏறியது 3,900. ஏழு நாளில் 6,000 கட்ட வேண்டும். ஆறாம் நாளே போன் வர ஆரம்பித்தது. என்னால் கட்ட முடியவில்லை. எட்டாம் நாள் காலையில் என் மாணவன் ஒருவனின் அம்மா கூப்பிட்டார். "டீச்சர், உங்க பேரைச் சொல்லி யாரோ அசிங்கமா பேசறாங்க. நான் உங்களுக்கு ஜாமீன் போட்டிருக்கேனாம். நான் எப்போ போட்டேன்?"

மதியத்துக்குள் பதினோரு வீடுகளுக்கு அந்த மாதிரி அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ போயிருந்தது. என் போட்டோவுக்கு மேல் திருடி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். என் போனில் பெற்றோர் எண்களை "எட்டாவது கார்த்தி அம்மா", "ஆறாவது ஃபாத்திமா அப்பா" என்று போட்டு வைத்திருப்பேன். அந்தப் பெயரைச் சொல்லியே அவர்கள் கூப்பிட்டார்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் முன்பின் தெரியாத ஒருவன் வாயில் வரும்போது ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! தங்கச் செயினை அடகு வைத்து அன்று மாலையே பணத்தைக் கட்டினேன். ஆனால் அந்த எண்களை எதைக் கொடுத்து மீட்பது?

அன்று ராத்திரி, டிக் போட்ட அந்தப் பாலிசியைத் திறந்தேன். என் பிள்ளைகளுக்குச் சொல்வதை அப்போதுதான் எனக்கு நானே செய்தேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன். என்ன எடுக்கிறார்கள்? எதற்கு? யாருக்குக் கொடுக்கிறார்கள்? எப்போது அழிப்பார்கள்? நீளமான பக்கம்தான், ஆனால் பிரவுசரில் வார்த்தையைத் தேடும் வசதி இருக்கிறது. நான் தேடியது நான்கு சொற்கள்: contact, share, retain, delete.

contact என்று தேடினால் முதலில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்பது மாதிரியான இடங்கள்தான் வரும். அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். என் பாலிசியில் ஐந்தாவது இடத்தில் விஷயம் இருந்தது. தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களையும் எண்களையும் எங்கள் சர்வருக்கு ஏற்றுவோம், உங்கள் கடன் தகுதியை மதிப்பிட அவற்றைப் பயன்படுத்துவோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம். மறைக்கவே இல்லை. எஸ்எம்எஸ் எதற்கு என்பதும் அதே பத்தியில் இருந்தது: வங்கியிலிருந்து வரும் செய்திகளைப் படித்து வரவு செலவைக் கணக்கிட.

யாருக்குக் கொடுக்கிறார்கள் என்ற இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். கூட்டு நிறுவனங்கள், சேவை தருபவர்கள் என்று போன பட்டியலின் நடுவே collection partners என்று இருந்தது. பாலிசியின் முன்பாதி முழுக்க collection என்ற சொல் தகவல் சேகரிப்பைக் குறித்தே வந்திருந்தது. அந்தப் பழக்கத்தில் வாசிப்பவர் இதையும் தகவல் சேகரிக்கும் ஆட்கள் என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் இங்கே அது கடன் வசூல். என்னைத் திருடி என்று சொன்னவர்களின் பெயர் அந்த இரண்டு சொல்லில் இருந்தது. முன்பாதியில் காண்டாக்ட் எடுப்பதற்குச் சொன்ன காரணம் கடன் தகுதி. பின்பாதியில் வசூல் ஆட்களுக்குக் கொடுப்பது "மேற்சொன்ன தகவல்கள் அனைத்தும்". இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடப்பது புரியும். தனித்தனியே படித்தால் இரண்டுமே சாதாரணமாகத் தெரியும்.

delete என்று தேடியதில் இன்னொன்று கிடைத்தது. ஆப்பை போனிலிருந்து நீக்கினாலும் ஏற்கெனவே ஏற்றிய தகவல் எங்களிடம் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அன்று காலையில் பயத்தில் நான் முதலில் செய்தது ஆப்பை நீக்கியதுதான். செட்டிங்ஸில் போய் அனுமதியை ரத்து செய்தாலும் இதே கதிதான். இனிமேல் எடுப்பதை அது தடுக்கும், எடுத்ததைத் திருப்பித் தராது.

நான் மட்டும் மாட்டியதாக நினைத்து வெளியே தலைகாட்டாமல் இருந்தேன். 2020 டிசம்பர் 23-ஆம் தேதி ரிசர்வ் வங்கி இந்த மாதிரி ஆப்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் கடன் ஆப் வழக்கில் இரண்டு சீனர்கள் உட்படச் சிலரைக் கைது செய்த செய்தி வந்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆப் ஸ்டோர்களில் தேடியதில் சுமார் 1,100 கடன் ஆப்களைக் கண்டது. அவற்றில் 600 சட்டவிரோதமானவை.

2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் விதி எனக்குப் பெரிய ஆறுதல். அதன் கண்காணிப்பில் உள்ள வங்கியோ நிதி நிறுவனமோ கடன் தரும் ஆப், போனில் உள்ள கோப்புகளையும் படங்களையும், தொடர்புப் பட்டியலையும், அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை, கணக்குத் திறந்து ஆளைச் சரிபார்க்கும் தேவைக்கு மட்டும், வெளிப்படையான சம்மதத்தோடு ஒருமுறை கேட்கலாம். 2023-இல் கூகுளும் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்டையும் போட்டோக்களையும் எடுப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு உதாரணம் தந்திருக்கிறார்கள். ஒரு பெண் தொலைமருத்துவ ஆப் ஒன்றை இறக்குகிறார். அது மருத்துவச் சேவைக்குத் தேவையான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, அவர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். ஆனாலும் மருத்துவத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் முதல் சம்மதம் மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். என் டிக்கைப் பற்றியே எழுதியது போல இருந்தது. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் விதி வந்த பிறகு பாலிசியின் வார்த்தைகளும் மாறிவிட்டன, தேடுகிற சொல்லை நாமும் மாற்ற வேண்டும் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. மெப்ஸில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் ஒரு மாணவியின் அம்மா, ஷிப்ட் முடிந்து கேம்ப் ரோட்டில் பஸ் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார். பத்தாயிரம் ரூபாய் தேவை, ஒரு ஆப் பார்த்து வைத்திருக்கிறேன், நீங்களும் ஒருமுறை பாருங்கள் என்றார். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கா என்றுதான் முதலில் கேட்டேன். அப்படி நேரடியாக இறக்கும் கோப்புக்கு பிளே ஸ்டோரின் எந்தத் தடையும் பொருந்தாது, அதற்கு மேல் படிக்கவே வேண்டாம். இது பிளே ஸ்டோரில் இருந்தது.

அங்கே Data safety என்ற பகுதியில், மூன்றாம் தரப்பாருடன் எந்தத் தகவலும் பகிரப்படுவதில்லை என்று இருந்தது. அவர் முகம் தெளிந்தது. நான் பாலிசியைத் திறந்து share என்று தேடிக் காட்டினேன். சேவை தரும் நிறுவனங்களுக்குக் கொடுப்போம் என்று அதில் நீளமாக இருந்தது. அப்படியானால் இரண்டில் ஒன்று பொய்யா என்று கேட்டார். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆப்காரர் தன் வேலைக்காக அமர்த்திய நிறுவனத்துக்குத் தகவல் கொடுப்பதை, அந்தப் பகுதிக்கான கூகுளின் விளக்கத்தில் பகிர்வு என்று காட்ட வேண்டியதில்லை. அந்தப் பகுதியை நிரப்புவதும் ஆப்காரர்தான். வசூலுக்கு அமர்த்திய ஏஜென்சியைக்கூட சேவை நிறுவனம் என்று சொல்லிவிட இடம் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

அப்புறம் App permissions. காண்டாக்ட் இல்லை, எஸ்எம்எஸ் இல்லை. பாலிசியில் contact என்று தேடினேன், பட்டியலை எடுப்பதாக எங்கும் இல்லை. கடன் தரும் நிதி நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்தது, குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் எண்ணும் இருந்தன. நானே சரி என்று சொல்லியிருப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று பழையபடி collection என்று தேடினேன். வந்த பத்தியில் புதிதாக ஒரு சொல் இருந்தது: references. விண்ணப்பத்தில் நீங்கள் தரும் இரண்டு பேரின் பெயரையும் எண்ணையும் சேமிப்போம், உங்களை எட்ட முடியாதபோது அவர்களை அழைக்கலாம், அந்த எண்களைத் தர அவர்களின் சம்மதத்தை நீங்கள் ஏற்கெனவே பெற்றிருக்கிறீர்கள் என்று உறுதி அளிக்கிறீர்கள்.

போனிலிருந்து எடுக்கத் தடை வந்ததால், நம் கையாலேயே தட்டச்சு செய்து தரச் சொல்கிறார்கள். எட்டாவது கார்த்தி அம்மாவிடம் நான் எந்தச் சம்மதமும் வாங்கியிருக்கவில்லை. அந்த வருஷம் பதினோரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது பேர் விடுங்க டீச்சர் என்றார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் திரும்ப வரவில்லை.

அந்த வரியைத் தமிழில் சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெஃபரன்ஸுக்கு உங்க நம்பரைத்தான் போடலாம்னு இருந்தேன் டீச்சர்," என்றார். "அதைக் கேட்டுட்டுப் போடலாம்னுதான் வந்தேன்."