மூன்று செம்புத் தண்ணீர்



சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி காலமான பிறகு நான் கடந்துவந்த நான்கு மாதங்களைப் பற்றி இதுவரை சபையில் பேசியதில்லை. ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நின்றேன். மற்ற ஆறு நாட்களும் கட்டிலில் கிடந்தேன் என்பதை என் மனைவி மட்டுமே அறிவாள். அழுகைகூட வரவில்லை. குளிப்பதும் உண்பதும் மலையேறுவதைப் போலக் கனத்தன. மூன்று நாள், நான்கு நாள் குளிக்காமல் இருந்திருக்கிறேன். தட்டில் சோற்றைக் கண்டாலே முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

நம் நடுவில் இதே நிலையில் சிலர் இருப்பதை அறிவேன். எனக்கு உதவியதை அவர்களுக்காக எழுதுகிறேன்.

மனைவியின் வற்புறுத்தலால் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். குளிக்க முடியவில்லை என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் வியப்படையவில்லை. "எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். கேள்வி எனக்குப் புரியவில்லை. குளியல் என்பது ஒரு வேலையன்று, பத்துப் பன்னிரண்டு வேலைகளின் கோவை என்று அவர் விளக்கினார். எழுந்து உட்கார வேண்டும், நிற்க வேண்டும், மாற்றுடை எடுக்க வேண்டும், வெந்நீர் காயும்வரை காத்திருக்க வேண்டும், உடை களைய வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், சோப்புப் போட வேண்டும், துவட்ட வேண்டும், மீண்டும் உடுத்த வேண்டும். உடல்நலம் உள்ளவனுக்கு இவை ஒரே ஓட்டமாக நடந்துவிடுகின்றன. மனச்சோர்வில் இருப்பவனுக்கோ ஒவ்வொன்றும் தனித்தனித் தீர்மானமாக நிற்கிறது.

வீட்டில் யோசித்துப் பார்த்தபோது நான் நின்ற இடம் தெரிந்தது. அலமாரியைத் திறந்து உடையைத் தேர்ந்தெடுப்பதிலும், தண்ணீர் சூடாகும்வரை காத்திருப்பதிலுமே நான் தோற்றுக்கொண்டிருந்தேன். காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மீண்டும் படுத்துவிடுவேன். ஆகவே முதலில் அவ்விரண்டையும் நீக்கினோம். வேட்டி, சட்டை, துண்டு மூன்றையும் மனைவி இரவிலேயே குளியலறைக் கொடியில் போட்டுவைத்தாள். வெந்நீரை வாளியில் விளாவி வைத்த பின்பே என்னை அழைத்தாள்.

முதல் வாரத்தில் குளிக்கவே இல்லை. முகமும் கால்களும் கழுவிச் சட்டையை மாற்றினால் அன்றைய கடமை முடிந்தது என்பதே ஏற்பாடு. இரண்டாம் வாரம் முக்காலியில் உட்கார்ந்து மூன்று செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சோப்புக் கிடையாது, தலைக்கு ஊற்றுவதும் கிடையாது. மூன்றாவது செம்புக்குப் பின் எழுந்துவிட அனுமதி உண்டு. சில நாள் அப்படியே எழுந்தேன். சில நாள் உட்கார்ந்தபடியே நான்காவதையும் ஐந்தாவதையும் ஊற்றினேன். நேரத்தையும் மாற்றினோம். இச்சோர்வு பலருக்கு விடியற்காலையில்தான் மிகக் கனமாக இருக்கும், பொழுது ஏற ஏறச் சற்றுத் தணியும். எனவே விடிந்ததும் குளிக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கை விட்டுவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குக் குளித்தேன்.

உணவுக்கும் இதே வழிதான். பசி வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. சோர்வு பசியையே அணைத்துவிடுகிறது. ஆகவே பசியைக் கேளாமல் கடிகாரத்தைக் கேட்டோம். காலை எட்டு, பகல் ஒன்று, இரவு ஏழரை. ஒவ்வொரு வேளைக்கும் குறைந்த அளவு அரை டம்ளர் கஞ்சி, அல்லது ஒரு வாழைப்பழம், அல்லது நான்கு கரண்டித் தயிர்சாதம். பெரிய தட்டில் வைக்காமல் சிறு கிண்ணத்தில் வைத்தாள். நிறைந்த தட்டு, இவ்வளவையும் முடிக்க வேண்டுமே என்று அச்சுறுத்தும். கிண்ணம் அச்சுறுத்துவதில்லை.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தை வழக்கம்போல் எடுத்து உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சரியாக உண்ணாதவர் வெந்நீரில் குளிக்கையில் தலைசுற்றலும் வரலாம். முக்காலி அதற்காகத்தான். கதவையும் தாழிட வேண்டாம்.

மனம் தேறிய பின்பு செயல் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970களில் இதைத் திருப்பிப் பார்த்தார். சோர்வுற்றவன் செயல்களை விடுகிறான். செயல்களோடு அவற்றால் கிடைத்த சிறு நிறைவுகளும் போகின்றன. அதனால் சோர்வு மேலும் ஆழமாகிறது. இந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து உடைக்கலாம் என்பதே அந்தச் சிகிச்சையின் அடிப்படை. மருத்துவர் சொன்னபடி, குளிக்குமுன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று நாட்காட்டியில் குறித்தேன். பெரும்பாலும் முன்பு இரண்டு, பின்பு மூன்று. சில நாள் இரண்டு இரண்டாகவே நின்றது. ஆயினும் அந்த ஒற்றை எண்தான், எதுவும் பயனில்லை என்று என் மனம் சொன்னது முழு உண்மையன்று என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சியாயிற்று.

ஒருமுறை தவறினேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நன்றாக விடிந்தது. தலைக்குக் குளித்து, முழுச் சாப்பாடு உண்டு, நான்கு வீடுகளைச் சந்தித்து வந்தேன். மறுநாள் எழவே முடியவில்லை. பழையபடி ஆகிவிட்டேன் என்று நடுங்கினேன். அளவு மீறியதே காரணம் என்றார் மருத்துவர். நல்ல நாளில் கூடுதலாகச் செய்யலாம், ஆனால் மறுநாளின் கடமை அதே மூன்று செம்புதான். ஒரு படியை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்ய முடியாமற்போனால் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள். அப்போது உங்களைக் கடிந்துகொள்ளாமல் படியைப் பாதியாக்குங்கள். குளியல் கடினமானால் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதும் போதும்.

எலியாவின் சரித்திரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தவனுக்குத் தேவதூதன் கொண்டுவந்தவை தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். கண்டிப்பு இல்லை, போதனையும் இல்லை. உண்டபின் அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அதையும் தடுக்கவில்லை, இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பினான். ஓரேபுக்குப் போகும் நீண்ட வழி அதன் பின்புதான். அந்த இரண்டாந்தரத்தை நான் கட்டிலில் கிடந்தபோதுதான் கவனித்தேன்.

வீட்டாருக்கும் இதில் பாடம் உண்டு. "குளித்தாயா, சாப்பிட்டாயா?" என்ற விசாரணை, செய்யாதவனைக் குற்றவாளியாக்கும். என் மனைவி ஒரு நாளும் அப்படிக் கேட்கவில்லை. "என்னங்க, தண்ணி சூடா இருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

இவ்வழிக்கு எல்லையும் உண்டு. இந்த நிலை ஏறக்குறைய எல்லா நாளும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தச்சோகையும் இதே களைப்பைத் தரக்கூடும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எனக்கு மாத்திரையும் தேவைப்பட்டது. உணவோடு தண்ணீரும் இறங்காமற்போனாலோ, எலியாவைப் போல் சாவை நாடும் எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். என் வீட்டுக் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

இன்று இதை வாசிக்கிறவர்களில் ஒருவர் படுக்கையிலிருந்தே வாசிக்கக்கூடும். எழுந்து குளியுங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். கால்களைக் கட்டிலிலிருந்து தரையில் ஊன்றுங்கள். அருகில் தண்ணீர் இருந்தால் இரண்டு மிடறு பருகுங்கள். இன்றைக்கு அது போதும். மறுபடியும் படுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.